மாதச் செலவுத் தாள்: அச்சடித்து, பேனாவால் நிரப்பி, கூட்டிச் சரிபார்ப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலும் செம்பனை ஆலையிலும் வேலை செய்கிற வீடுகளுக்கு மாதம் 1ஆம் தேதி பிறப்பதில்லை. சம்பளம் கைக்கு வரும் நாளில்தான் பிறக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதனால் பல வீடுகளில் 7ஆம் தேதி வாக்கில் மீதிச் சம்பளம் வரும், நடுவில் 20க்கு மேல் முன்பணம் வரும். இணையத்தில் கிடைக்கிற செலவுத் தாள்களில் பெரும்பாலானவை 1 முதல் 31 வரை தேதி போட்டு வருகின்றன. அப்படி ஒரு தாளில் இந்த வீட்டுக் கணக்கை எழுதினால், முதல் ஆறு நாளும் போன மாதச் சம்பளத்தைச் செலவழித்துக்கொண்டிருப்போம். கூட்டுத்தொகை வரும், ஆனால் அது எந்தச் சம்பளத்தோடும் பொருந்தாது.

ஆகவே தாளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: தேதிக் கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா? காலியாக இருந்தால் 7 முதல் அடுத்த மாதம் 6 வரை என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். அச்சில் தேதி இருந்தால் அந்தத் தாள் நமக்கு உதவாது.

நான் இங்கே தெரிந்தவர்களுக்கு வரைந்து கொடுக்கிற தாளையே வைத்து விளக்குகிறேன். மாதத்துக்கு ஒரே ஒரு ஏ4 தாள். முன்பக்கம் மாத அட்டவணை, பின்பக்கம் நாள் குறிப்பு. வருடத்துக்குப் பன்னிரண்டு தாள், ஒரு ஃபைலில் அடங்கிவிடும்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தினமும் எழுதுவது அங்கேதான். 31 வரிகள், ஒரு நாளுக்கு ஒரு வரி. ஒரே நாளில் நான்கு இடத்தில் செலவு செய்தால் எப்படி ஒரு வரி போதும் என்று கேட்பார்கள். பொருளின் பெயரை எழுதாமல், முன்பக்க அட்டவணையில் அது எந்த வரிசையோ அந்த எண்ணை எழுதி, கோடு போட்டு, தொகையை எழுதினால் போதும். மளிகை 2ஆம் வரிசை, சந்தை 3, போக்குவரத்து 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9ஆம் தேதி வரியில் "2-45, 5-12, 3-18" என்று இருந்தால், அன்று மளிகைக்கு 45 வெள்ளி, பெட்ரோலுக்கு 12, மீன் காய்கறிக்கு 18 என்று பொருள். எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அதனால்தான் இது மாதம் முழுக்க நிற்கிறது. ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி எழுதத் தொடங்கியவர்கள் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காசு வேண்டாம், முழு வெள்ளியாக எழுதுங்கள். 50 காசும் அதற்கு மேலும் என்றால் அடுத்த வெள்ளி, அதற்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டுக் கடைகளில் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை ஐந்து காசுக்கு நெருக்கி வாங்குகிறார்கள், நாம் அதையே வெள்ளிக்கு நெருக்குகிறோம். 14 கிலோ கேஸ் தோம்பு 26 வெள்ளி 60 காசு என்றால் தாளில் 27. மேலே போவதும் கீழே வருவதும் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் இரண்டு மூன்று வெள்ளி வித்தியாசம் வந்தால் அது இதனால்தான், அதைத் தேட வேண்டாம். கட்டம் சிறியதாக இருந்தாலும் எண் தெளிவாக விழும், கூட்டுவதும் சுலபம்.

சரி, இப்போது முன்பக்கம். மேலே நான்கு சிறு கட்டங்கள்: கையில் இருந்தது, மீதிச் சம்பளம், முன்பணம், பிற வரவு. சம்பளச் சீட்டில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ எல்லாம் பிடித்த பிறகு கைக்கு வந்த தொகையை மட்டும் எழுதுங்கள். பிடிப்பதற்கு முந்தைய தொகையை எழுதினால் கடைசிக் கணக்கு எத்தனை முறை கூட்டினாலும் ஒத்துவராது.

அதற்குக் கீழே அட்டவணை. இடது ஓரம் செலவின் பெயர், அடுத்தது "திட்டம்", பிறகு ஐந்து வாரக் கட்டங்கள், கடைசியில் "மொத்தம்". வாரத்தைக் கிழமையால் பிரிக்காதீர்கள், தேதியால் பிரியுங்கள். 7–13, 14–20, 21–27, அப்புறம் 28 முதல் ஏழு நாள், மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று நாள் ஐந்தாவது கட்டம். ஒவ்வொரு வாரமும் முடிகிற இரவில் தாளைத் திருப்பி, அந்த ஏழு வரியில் 2 என்று தொடங்குவதையெல்லாம் கூட்டி மளிகைக் கட்டத்தில் ஒரே எண்ணாகப் போட வேண்டும். பிறகு 3, பிறகு 4. "திட்டம்" என்ற கட்டத்தை மட்டும் சம்பளம் வந்த அன்றே, எதையும் வாங்குவதற்கு முன் நிரப்பிவிட வேண்டும். செலவான பிறகு எழுதினால் அது திட்டமாக இருக்காது.

ஒரு வீட்டுக் கணக்கை முழுதாகப் பார்ப்போம். கணவருக்கு ஆலையில் வேலை, மனைவி வீட்டில் தையல், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு. ஜூன் 7 முதல் ஜூலை 6 வரை. கையில் இருந்தது 85, மீதிச் சம்பளம் 1,250, முன்பணம் 500, தையல் வரவு 450. ஆக மொத்தம் 2,285 வெள்ளி. "கையில்" என்று சொல்வது வீட்டு ரொக்கமும் வங்கிக் கணக்கில் உள்ளதும் சேர்ந்தது.

| எண் | செலவு | திட்டம் | 7–13 | 14–20 | 21–27 | 28–4 | 5–6 | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | வாடகை | 400 | 400 | – | – | – | – | 400 |
| 2 | மளிகை | 330 | 180 | 45 | 60 | 52 | 10 | 347 |
| 3 | சந்தை | 280 | 65 | 58 | 72 | 60 | 24 | 279 |
| 4 | பில்கள், கேஸ் | 160 | – | 96 | 27 | 45 | – | 168 |
| 5 | பெட்ரோல், பள்ளி வேன் | 250 | 130 | 35 | 40 | 36 | 10 | 251 |
| 6 | பிள்ளைகள் | 140 | 40 | 30 | 55 | 30 | – | 155 |
| 7 | மோட்டார் தவணை | 220 | 220 | – | – | – | – | 220 |
| 8 | கூட்டுச் சீட்டு | 100 | – | – | 100 | – | – | 100 |
| 9 | மற்றவை | 120 | 30 | 15 | 50 | 63 | 20 | 178 |
| | மொத்தம் | 2,000 | 1,065 | 279 | 404 | 286 | 64 | 2,098 |

செலவு இல்லாத கட்டத்தில் சிறு கோடு போட்டிருப்பதைக் கவனியுங்கள். வெறுமையாக விட்டால், செலவே இல்லையா அல்லது எழுத மறந்தோமா என்று மாதக் கடைசியில் தெரியாது.

இந்த அட்டவணையின் உயிர் வலது கீழ் மூலையில் இருக்கிற அந்த 2,098இல் இருக்கிறது. அதற்கு இரண்டு வழியாக வந்து சேர வேண்டும். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒன்பது வரிசை மொத்தங்களையும் கூட்டினால் ஒரு தொகை. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக ஐந்து வார மொத்தங்களையும் கூட்டினால் இன்னொரு தொகை. இரண்டும் ஒன்றாக இருந்தால் கூட்டல் பெரும்பாலும் சரி. மாறினால் எங்கோ தவறு. மூலைக் கட்டத்தை நேரடியாக எழுதாமல், இரண்டு விடையையும் முதலில் பென்சிலால் ஓரத்தில் குறித்துவிட்டு, ஒத்துவந்த பிறகு பேனாவால் எழுதுவது நல்லது.

ஒத்துவரவில்லை என்றால் எல்லாவற்றையும் திரும்பக் கூட்ட வேண்டியதில்லை. வித்தியாசமே எங்கே தேடுவது என்று சொல்லும். மேலே உள்ள கணக்கில் மளிகை மொத்தம் 347 என்பதை அவசரத்தில் 374 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வலது ஓரம் கூட்டினால் 2,125 வரும், கீழ் வரிசை கூட்டினால் 2,098. வித்தியாசம் 27. இது 9ஆல் மிச்சமில்லாமல் வகுபடுகிறது. இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 27ஐ 9ஆல் வகுத்தால் 3. அப்படியென்றால் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு இடையே 3 வித்தியாசம் உள்ள எண்ணைத் தேடினால் போதும். 7, 4 என்று முடிகிற மளிகை உடனே கண்ணில் படும். வித்தியாசம் சரியாக 10 அல்லது 100 என்றால், கூட்டும்போது மீதியைக் கொண்டுபோக மறந்திருப்போம். வித்தியாசம் ஏதாவது ஒரு கட்டத்தில் உள்ள எண்ணே என்றால், அந்தக் கட்டத்தை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் விட்டிருப்போம். முதலில் இந்த மூன்றையும் பாருங்கள். அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வரிசையாகத் திரும்பக் கூட்டலாம்.

ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சோதனை கூட்டல் பிழையை மட்டும்தான் பிடிக்கும். ஒரு செலவை எழுதவே மறந்திருந்தால் அது இரண்டு பக்கக் கூட்டலிலும் இருக்காது, இரண்டும் அழகாக ஒத்துப்போகும். கட்டத்துக்குள்ளேயே 63க்குப் பதில் 36 என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். அதைப் பிடிக்க இரண்டாவது சோதனை வேண்டும், அது பணத்தை எண்ணிப் பார்ப்பது.

வரவு 2,285. செலவு 2,098. மிச்சம் 187 இருக்க வேண்டும் என்று தாள் சொல்கிறது. ஜூலை 6 இரவு பர்ஸ், அலமாரி டப்பா, வங்கிக் கணக்கு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 152தான் இருக்கிறது. 35 வெள்ளி குறைவு. கணவனும் மனைவியும் உட்கார்ந்து நாள் குறிப்பைப் புரட்டுகிறார்கள். எந்த நாள் வரி காலியாக இருக்கிறதோ அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். 30ஆம் தேதி காலி. அன்று சின்னவனுக்குக் காய்ச்சல், கிளினிக்கில் 25 வெள்ளி கொடுத்தது நினைவுக்கு வருகிறது. மீதி 10 எங்கே போனது என்று தெரியவில்லை.

தெரியாத அந்தப் பத்தை எங்காவது சந்தையிலோ பெட்ரோலிலோ சேர்த்துக் கணக்கை மூடிவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். "தெரியாதது 10" என்று அட்டவணையின் கீழே தனி வரியாக எழுதுங்கள். மாதாமாதம் அந்த எண் எப்படிப் போகிறது என்பது முக்கியம். பத்து, ஐந்து என்று இருந்தால் பரவாயில்லை. எண்பது, நூறு என்று நின்றுகொண்டே இருந்தால், வீட்டில் யாரோ ஒருவர் கையால் போகிற செலவு தாளுக்கு வரவே இல்லை என்று பொருள். பெரும்பாலும் அது கைபேசி வழியாகக் கட்டுகிற பணமாக இருக்கும், ரொக்கம் கையை விட்டுப் போகாததால் எழுத மறந்துவிடுகிறோம்.

இந்த 35ஐயும் சேர்த்தால் உண்மையான செலவு 2,133, மிச்சம் 152. கையில் இருப்பது குறைவதற்குப் பதில் கூடியிருந்தால்? ஒரு வரவை எழுத மறந்திருப்பீர்கள், அல்லது இன்னும் பணம் கொடுக்காத ஒன்றைச் செலவாக எழுதியிருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊரில் சாதாரணம். கடையில் கடன் வாங்குவது இன்னும் இருக்கிறது, 555 புத்தகத்தில் எழுதி வைத்துச் சம்பளத்தன்று கட்டுகிறோம். இப்படிக் கடனில் வாங்கியதை வாங்கிய அன்று எழுதுவதா, கட்டிய அன்று எழுதுவதா என்பதுதான் தாளை நிரப்புகிறவர்கள் அதிகம் குழம்புகிற இடம். அட்டவணைக்குள் எழுதுவது கையை விட்டுப் போன பணத்தை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எண்ணிப் பார்க்கிற சோதனை வேலை செய்யும். கட்டிய அன்று, கட்டிய தொகையை மளிகை என்று எழுதுங்கள்.

அப்படியானால் கடன் எங்கே போனது? குறிப்புப் பகுதிக்கு. முன்பக்கத்தின் கீழே மூன்றில் ஒரு பங்கு இடம் அதற்காகத்தான் விடப்பட்டிருக்கிறது, அதன் முதல் வரி "கடைப் பாக்கி". மாதம் தொடங்கும்போது பாக்கி எவ்வளவு, முடியும்போது எவ்வளவு என்று இரண்டு எண். இந்த வீட்டில் ஜூன் 7 அன்று பாக்கி 120, ஜூலை 6 அன்று 165. ஆக 45 வெள்ளிப் பொருள் வீட்டுக்கு வந்துவிட்டது, பணம் இன்னும் போகவில்லை. மளிகைக்கு 347 செலவு என்று அட்டவணை சொன்னாலும், வீட்டுக்கு வந்த மளிகை 347 உடன் 45, அதாவது 392. திட்டம் 330. பதினேழு வெள்ளிதான் கூடிவிட்டது என்று நினைத்தது உண்மையில் அறுபத்திரண்டு.

மொத்தக் கணக்கையும் இதே மாதிரி பாருங்கள். மாதத் தொடக்கத்தில் கையில் 85, முடிவில் 152. 67 வெள்ளி கூடியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் பாக்கி 45 ஏறியிருக்கிறது. ஆகவே வீடு உண்மையில் முன்னேறியது 22 வெள்ளி. இந்த இரண்டு வரியை எழுதாத தாள், கடன் ஏறிக்கொண்டே போகிற வீட்டைக்கூட மிச்சம் பிடிக்கிற வீடாகக் காட்டிவிடும். அச்சில் வருகிற பல தாள்களில் இதற்கு இடமே இல்லை. உங்களுடையதில் இல்லை என்றால் குறிப்பு இடத்தில் கையால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்புப் பகுதியின் மீதி இடத்தில் திட்டத்தைத் தாண்டிய வரிசைகளுக்குக் காரணம் எழுத வேண்டும். 9ஆம் வரிசை 120 என்று திட்டமிட்டு, கிளினிக் 25ஐயும் சேர்த்து 203 ஆகியிருக்கிறது. குறிப்பில் "கோயில் திருவிழா 50, கல்யாண மொய் 50, கிளினிக் 25" என்று இருக்கிறது. இந்த மூன்றும் அடுத்த மாதம் திரும்ப வராது. ஆகவே திட்டத்தை 200க்கு உயர்த்த வேண்டியதில்லை. மளிகைக்கு எதிரே "அரிசி, எண்ணெய் விலை" என்று எழுதியிருந்தால் அது அடுத்த மாதமும் வரும், அந்த வரிசையின் திட்டத்தை உயர்த்தத்தான் வேண்டும். காரணம் எழுதாமல் எண்ணை மட்டும் பார்த்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. நீளமாக எழுத வேண்டாம், ஒரு காரணம், ஒரு தொகை போதும்.

இன்னொரு வரி, வருகிற பெரிய செலவுக்கு: மோட்டார் இன்சூரன்ஸ், பள்ளி திறப்பு, தீபாவளி. எந்த மாதம், எவ்வளவு, இன்னும் எத்தனை சம்பளம் இருக்கிறது என்று மட்டும் குறியுங்கள். நான்கு சம்பளம் தள்ளி 600 வெள்ளி வேண்டும் என்றால் மாதம் 150 இப்போதே திட்டத்தில் ஒரு வரிசையாக வர வேண்டும். மேலே உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை என்பதும் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது, இந்த மாதம் வீடு முன்னேறியதே 22 வெள்ளிதான்.

அச்சடிப்பதற்கு வருவோம். கணினியில் தமிழில் தாள் வரைந்து அதை வேர்டு கோப்பாகவே அச்சுக் கடைக்கு அனுப்பினால், அங்குள்ள கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் மாறிப்போகும் அல்லது சதுரக் கட்டங்களாகும். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் வரைந்தபடியே வரும். அதனால்தான் பிடிஎஃப்.

ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். ஃபைலுக்குத் துளை போட இடது பக்கம் 25, வலது பக்கம் 10 விட்டால் 175 மிஞ்சும். அதில் எண்ணும் பெயரும் சேர்ந்து 45, திட்டம் 20, வாரக் கட்டங்கள் ஒவ்வொன்றும் 18, மொத்தம் 20. வரி உயரம் 9 மில்லிமீட்டர் வைத்தால் வயதானவர்கள் கையெழுத்தும் அடங்கும். 6 என்று வைத்துத் தாளில் எல்லாவற்றையும் திணித்தால் பேனாவால் எழுத முடியாது, திரையில் அழகாகத் தெரியும் என்பதோடு சரி.

அச்சடிக்கும்போது Actual size என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். Fit என்று இருந்தால் பல அச்சு இயந்திரங்கள் தாளைச் சுருக்கிவிடும், கட்டமும் சுருங்கும். சந்தேகம் இருந்தால், தாளின் மூலையில் சரியாக 10 செ.மீ. நீளமுள்ள கோடு ஒன்றை வரைந்து வைத்து, அச்சில் வந்ததை அளவுகோலால் அளந்து பாருங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்கத் தளங்களிலிருந்து எடுத்த தாள்கள் பெரும்பாலும் லெட்டர் அளவில் இருக்கும், 216க்கு 279 மில்லிமீட்டர். அது நம் ஏ4 தாளைவிட அகலம். அதை Actual size வைத்து அடித்தால் வலது ஓரத்து மொத்தக் கட்டம் வெட்டுப்படலாம், அங்கே மட்டும் Fit போடுங்கள். இரண்டு பக்கமும் அச்சடிக்க Flip on long edge, இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

முதலில் ஒரே ஒரு தாள் அடித்து, நீங்கள் வழக்கமாக எழுதுகிற பேனாவால் பத்து எண் எழுதிப் பாருங்கள். மை பின்பக்கம் ஊறி நாள் குறிப்பை மறைத்தால் தடித்த தாள் கேளுங்கள், அல்லது பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறுங்கள். சரியாக வந்தால்கூடப் பன்னிரண்டையும் ஒரே நாளில் அடிக்க வேண்டாம். இரண்டு மாதம் எழுதிய பிறகு உங்கள் வீட்டுக்குத் தேவையில்லாத வரிசை எது, விட்டுப்போன வரிசை எது என்று தெரிந்துவிடும். அதைத் திருத்திவிட்டு மீதிப் பத்தை அடியுங்கள்.

மாதம் முடிந்ததும் அடுத்த தாளுக்கு எடுத்துப்போக வேண்டியவை இரண்டே எண்கள்: எண்ணிப் பார்த்த மிச்சம் 152 மேலே "கையில் இருந்தது" என்ற கட்டத்துக்கு, கடைப் பாக்கி 165 கீழே குறிப்பின் முதல் வரிக்கு. தாள் சொன்ன 187ஐ எடுத்துப்போகாதீர்கள்.